கடைசி 1 எங்கிருந்து வந்தது? கையால் எழுதிய ரிகர்ஷன் டிரேஸைப் படிப்பது எப்படி

கேள்வி: பழைய வினாத்தாள் ஒன்றில் கீழே இருக்கும் ஃபங்ஷனைக் கொடுத்து, f(4) என்று அழைத்தால் என்ன அச்சாகும், என்ன மதிப்பு திரும்பும் என்று கேட்டிருக்கிறார்கள். சீனியர் ஒருவர் கையால் எழுதிய டிரேஸ் என்னிடம் இருக்கிறது. f(4), f(3), f(2), f(1) என்று கீழே இறங்குவது வரை புரிகிறது. அங்கிருந்து மேலே வரும்போது தொலைந்து போகிறேன். எனக்கு 1 1 2 என்று வருகிறது, அவர் 1 1 2 1 என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடைசி 1 எங்கிருந்து வந்தது?

```c
int f(int n)
{
    int x;
    if (n <= 1)
        return n;
    x = f(n - 1);          /* அ */
    printf("%d ", x);
    return x + f(n - 2);   /* ஆ */
}
```

பதில்:

அதை அச்சிட்டது f(2). முதலில் வந்த f(2) அல்ல, இரண்டாவது முறை வந்தது. உங்களுக்கு அது விட்டுப்போனது கணக்குத் தவறால் அல்ல என்றுதான் நினைக்கிறேன். "f(2)-க்கு விடை 1 என்று முன்பே பார்த்தாயிற்றே" என்று அந்த 1-ஐ அப்படியே எடுத்துக் கூட்டியிருப்பீர்கள். திரும்பும் மதிப்பு 3 என்று உங்களுக்கும் சரியாகவே வந்திருக்கும். மதிப்பை மட்டும் பார்த்தால் அந்தக் குறுக்குவழியில் பிழை இல்லை. ஆனால் இந்த ஃபங்ஷன் மதிப்பைத் திருப்புவதோடு நிற்பதில்லை, போகிற வழியில் ஒன்றை அச்சிட்டும் விடுகிறது. f(2)-ஐ மறுபடி அழைத்தால் அந்த அச்சும் மறுபடி நடக்கும்.

இனி மேலே வரும்போது தொலைந்து போவதற்கு வருவோம். உங்கள் சீனியர் எழுதிய தாள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

```
1  f(4)   x=2          -> 3
2    f(3)   x=1        -> 2
3      f(2)   x=1      -> 1
4        f(1)          -> 1
5        f(0)          -> 0
6      f(1)            -> 1
7    f(2)   x=1        -> 1
8      f(1)            -> 1
9      f(0)            -> 0
```

இதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் எழுதி முடித்த டிரேஸில் எது எப்போது எழுதப்பட்டது என்பது தெரியாது. முதல் வரியில் x=2 என்று இருப்பதைப் பார்க்கிறவர், அது முதலிலேயே எழுதப்பட்டது என்று எண்ணிவிடுவார். உண்மையில் ஆறாவது வரி முடிந்த பிறகுதான் அந்த 2 அங்கே வந்து உட்கார்ந்தது. முதல் வரியின் வலது ஓரத்தில் இருக்கும் 3-தான் தாளிலேயே கடைசியாக எழுதப்பட்டது. அழைப்புகள் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்ற வரிசையில் தொடங்கின. முடிந்த வரிசையோ 4, 5, 3, 6, 2, 8, 9, 7, 1. இடப்பக்க எண்களை மேலிருந்து கீழாகப் படிக்கலாம். வலப்பக்க அம்புகளை அப்படிப் படித்தால் ஒன்றும் புரியாது.

எனவே அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, வெற்றுத் தாளில் நீங்களே ஓட்டிப் பாருங்கள். எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் அழைப்பு, x-க்கு ஒரு காலிக் கட்டம், அம்புக்கு இடம், இவற்றோடு இன்னொன்றையும் குறிக்க வேண்டும். அதுதான் பெரும்பாலான கையெழுத்து டிரேஸ்களில் விடுபட்டிருப்பது: அந்த வரி எந்த இடத்தில் நின்றுகொண்டு காத்திருக்கிறது என்ற குறி. புத்தகத்தைப் பாதியில் மூடும்போது வைக்கும் அடையாளச் சீட்டு மாதிரி. இந்த ஃபங்ஷனில் காத்திருக்கக்கூடிய இடங்கள் இரண்டே. நிரலில் அவற்றுக்கு அ, ஆ என்று பெயர் வைத்திருக்கிறேன்.

முதல் வரி, f(4). n-இன் மதிப்பு 4, `if` பொய். அ-வுக்கு வருகிறோம். சமக்குறிக்கு வலப்பக்கம் என்ன என்று தெரியாமல் x-இல் எதையும் போட முடியாது. x கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் "அ" என்று எழுதி, அடுத்த வரிக்குப் போகிறோம். இரண்டாம் வரி, f(3). அதே கதை, x காலி, குறி அ. மூன்றாம் வரி, f(2). அதுவும் அப்படியே. நான்காம் வரி, f(1). இங்கே `if` மெய்யாகிறது, 1 திரும்புகிறது.

நீங்கள் தொலைந்து போகும் இடம் இது, ஆகவே கொஞ்சம் நிற்போம். இப்போது தாளில் மூன்று வரிகள் பாதியில் நிற்கின்றன, மூன்றிலும் குறி அ. நான்காம் வரி கொடுத்த 1 யாருக்குப் போகும்? தன்னை அழைத்த மூன்றாம் வரிக்கு மட்டும். மூன்றாம் வரியில் எங்கே? ஃபங்ஷனின் தொடக்கத்துக்கும் அல்ல, முடிவுக்கும் அல்ல. அ என்று குறித்த கூற்றின் நடுவில், `f(n - 1)` என்று எழுதியிருந்த அதே இடத்துக்கு. அந்த எழுத்துகளை அழித்துவிட்டு 1 என்று எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள். கூற்று `x = 1` என்று ஆகிவிட்டது. மூன்றாம் வரியின் x கட்டத்தில் 1 எழுதுங்கள். n என்ன? மூன்றாம் வரியின் n, அதாவது 2. நான்காம் வரியின் n ஆகிய 1 அந்த வரியோடு போய்விட்டது.

அடுத்த கூற்று அச்சிடுவது. முதல் 1 அச்சானது. அப்புறம் ஆ. அங்கே `x + f(0)` இருக்கிறது. மூன்றாம் வரியில் "அ"வை அடித்துவிட்டு "ஆ" என்று எழுதி, ஐந்தாம் வரியைத் தொடங்குங்கள். f(0) உடனே 0 கொடுக்கிறது. அது மூன்றாம் வரியின் ஆ-வுக்குப் போய் 1 + 0 ஆகிறது. மூன்றாம் வரி முடிந்தது, அம்பு போட்டு 1.

இந்த 1 போவது இரண்டாம் வரியின் அ-வுக்கு. அதன் x கட்டத்தில் 1. அச்சில் இரண்டாவது 1. முதலில் அச்சான 1 மூன்றாம் வரியின் x, இது இரண்டாம் வரியின் x. இரண்டுக்கும் மதிப்பு ஒன்றாக இருப்பது தற்செயல், பெட்டிகள் வேறு. இனி ஆ. `1 + f(1)`. ஆறாம் வரி f(1), உடனே 1. கூட்டினால் 2. இரண்டாம் வரிக்கு அம்பு போட்டு 2.

முதல் வரியின் x கட்டம் இப்போதுதான் நிரம்புகிறது, அதில் 2. அச்சில் 2. முதல் வரியின் குறி ஆ-வாக மாறுகிறது. `2 + f(2)`.

நீங்கள் இங்கேதான் நிறுத்தியிருக்கிறீர்கள். இந்த f(2) ஒரு புது அழைப்பு. ஏழாம் வரியாக எழுதுங்கள். அதற்கென்று ஒரு காலி x கட்டம் உண்டு. மூன்றாம் வரியின் x-இல் இருந்த 1 இதற்குத் தெரியாது, அந்த வரி எப்போதோ முடிந்துவிட்டது. குறி அ, எட்டாம் வரி f(1) கொடுப்பது 1, x=1, அச்சில் 1. நீங்கள் தேடிய கடைசி 1 இதுதான். பிறகு ஆ, ஒன்பதாம் வரி f(0) கொடுப்பது 0, ஏழாம் வரிக்கு அம்பு 1. முதல் வரியின் ஆ-வில் 2 + 1 = 3.

வேறொன்றும் இந்தத் தாளிலிருந்து கேட்பார்கள்: மொத்தம் எத்தனை அழைப்புகள், ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை ஃப்ரேம்கள் ஸ்டாக்கில் இருக்கும் என்று. முதலாவது, மொத்த வரிகள்: 9. இரண்டாவதற்கு, ஒரு கணத்தில் எத்தனை வரிகள் அம்பு போடப்படாமல் நின்றன என்று பார்க்க வேண்டும். நான்காம் வரி தொடங்கிய கணத்தில் நான்கு. அதற்கு மேல் எப்போதும் போகவில்லை. `main` தனி. எட்டாம் வரி நடக்கும்போதுகூட 1, 7, 8 என்று மூன்றுதான் உயிரோடு இருக்கின்றன. டிரேஸை உள்தள்ளி எழுதியிருந்தால், எவ்வளவு ஆழத்துக்கு உள்ளே போயிருக்கிறதோ அதுவே விடை.

விடைத்தாள் திருத்தும்போது நான் பார்க்கும் தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே வேரிலிருந்து வருபவை: திரும்பி வந்த பிறகு எந்த வரியின் n, எந்த வரியின் x என்பது கலந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க இந்தக் கேள்வியில் ஒரு நல்ல வழி இருக்கிறது. f(-1) என்று எங்காவது எழுதிவிட்டீர்களா என்று பாருங்கள். ஆ-வுக்கு வருகிற வரியின் n குறைந்தது 2, அதனால் `n - 2` ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. f(-1) தாளில் வந்திருக்கிறது என்றால், மூன்றாம் வரிக்குத் திரும்பிய பிறகும் நான்காம் வரியின் n=1-ஐயே வைத்துக்கொண்டு 2-ஐக் கழித்திருக்கிறீர்கள். இது பொல்லாத தவறு, ஏனென்றால் f(-1) முறைப்படி -1 என்று விடையும் கொடுத்துவிடும். டிரேஸ் எங்கும் முட்டாமல் அமைதியாக ஓடித் தப்பான எண்ணில் முடியும்.

இன்னொரு சரிபார்ப்பு, எண்ணிக்கை. n ஒன்றுக்கு மேல் இருக்கும் வரி ஒவ்வொன்றும் சரியாக ஒரு முறை அச்சிடுகிறது, மற்றவை அச்சிடுவதே இல்லை. தாளில் x கட்டம் நிரம்பியவை 1, 2, 3, 7 ஆகிய நான்கு வரிகள். ஆகவே அச்சில் நான்கு எண்கள் இருந்தாக வேண்டும். மூன்றுதான் இருக்கிறது என்றால் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அழைப்புகளின் எண்ணிக்கையையும் முன்கூட்டியே கணிக்கலாம். f(0), f(1) தலா ஒன்று. f(2)-க்கு 1 + 1 + 1 = 3. f(3)-க்கு 3 + 1 + 1 = 5. f(4)-க்கு 5 + 3 + 1 = 9. f(5)-க்கு 15, f(6)-க்கு 25. கேள்வி தயாரிப்பவர்கள் 4 அல்லது 5-ஓடு நிறுத்திக்கொள்வதன் காரணம் இந்த எண்களைப் பார்த்தாலே தெரியும்.

அப்படியென்றால் f(5) வந்தால் 15 வரியும் எழுதத்தான் வேண்டுமா? தேவையில்லை. உங்கள் குறுக்குவழியைச் சரியாகச் செய்தால் போதும். ஒரு அழைப்பை முதல் முறை முழுதாக ஓட்டியதும், அது திருப்பிய மதிப்பையும் அது அச்சிட்டதையும் சேர்த்து ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். f(2): அச்சு "1", மதிப்பு 1. f(3): அச்சு "1 1", மதிப்பு 2. f(4): அச்சு "1 1 2 1", மதிப்பு 3. இப்போது f(5) என்பது f(4)-இன் அச்சு, பிறகு x ஆகிய 3, பிறகு f(3)-இன் அச்சு. அதாவது 1 1 2 1 3 1 1, மதிப்பு 3 + 2 = 5. அச்சில் ஏழு எண்கள். 15 வரிகளில் எட்டு அச்சிடாதவை என்பதால் இது பொருந்துகிறது.

ஆனால் இந்தக் குறுக்குவழிக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒரு அழைப்பு செய்வது அதன் n-ஐ மட்டுமே பொறுத்திருக்க வேண்டும், உள்ளே போய் வெளியில் இருக்கும் எதையும் மாற்றக்கூடாது. கேள்வி தயாரிப்பவர் கொஞ்சம் குறும்புக்காரராக இருந்தால் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்து அதைக் கெடுத்துவிடுவார்:

```c
int f(int n)
{
    static int x;
    int y;
    if (n <= 1)
        return n;
    x = f(n - 1);          /* அ */
    printf("%d ", x);
    y = f(n - 2);          /* ஆ */
    return x + y;
}
```

`static` என்று வந்துவிட்டால் x-க்கு வரிக்கு ஒரு கட்டம் கிடையாது. தாளின் தலைப்பில் ஒரே ஒரு கட்டம், எல்லா வரிகளும் அதையே அடித்து அடித்து எழுதும். y மட்டும் வரிக்கு ஒன்று. ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் வரி வரை எதுவும் மாறாது, ஏனென்றால் அதுவரை ஆ-வில் அழைக்கப்படும் f(0), f(1) இரண்டும் x-ஐத் தொடாமலே திரும்பிவிடுகின்றன. முதல் வரிக்கு 2 திரும்புகிறது, x=2, அச்சில் 2. பிறகு ஏழாம் வரி, f(2). அது தன் வேலையைச் செய்யும்போது தலைப்பில் இருக்கும் அதே x-ஐ 1 ஆக்கிவிடுகிறது. 1 அச்சாகிறது, 1 திரும்புகிறது. முதல் வரியில் y=1. இப்போது `x + y`. x-இல் 2 இருப்பதாக உங்கள் நினைவு சொல்லும். கட்டத்தைப் பார்த்தால் 1. விடை 2. அச்சானது முன்போலவே 1 1 2 1, திரும்பிய மதிப்பு மட்டும் 3-க்குப் பதில் 2. அவுட்புட்டை மட்டும் சரிபார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது.

இது வெறும் தேர்வுத் தந்திரம் அல்ல. அந்தக் காலத்து ஃபோர்ட்ரான் கம்பைலர்கள் ஒரு துணைநிரலின் மாறிகளுக்கும் திரும்ப வேண்டிய இடத்துக்கும் நிலையாக ஒரே ஒரு இடத்தை ஒதுக்குவது வழக்கம். நம் பாஷையில், x கட்டமும் அ/ஆ குறியும் தாளுக்கு ஒன்றுதான். அதில் தன்னைத்தானே அழைத்தால், முதல் அழைப்பு எங்கே திரும்புவது என்ற குறியே அழிந்துபோகும். ஃபோர்ட்ரான் தரநிலை ரிகர்ஷனை அனுமதித்தது ஃபோர்ட்ரான் 90-இல்தான், அதுவும் `RECURSIVE` என்று தனியாக அறிவித்தால். வரிக்கு ஒரு கட்டம், வரிக்கு ஒரு குறி என்று நீங்கள் தாளில் எழுதுவதைத்தான் ஸ்டாக் நினைவகத்தில் செய்கிறது.

இரண்டாவது நிரலில் y என்று தனி மாறி வைத்து நான் ஏன் பிரித்தேன் என்று கேட்கலாம். `return x + f(n - 2);` என்றே விட்டிருந்தால், `static` x-ஐ முதலில் படிப்பதா, f-ஐ முதலில் அழைப்பதா என்று சி மொழி சொல்வதில்லை. ஒரு கம்பைலரில் 3 வரலாம், இன்னொன்றில் 2 வரலாம், இரண்டுமே விதிப்படி சரி. x லோக்கலாக இருக்கும் உங்கள் வினாத்தாள் நிரலில் அந்தச் சிக்கல் கிடையாது, f-ஆல் வேறொரு வரியின் x-ஐத் தொட முடியாது என்பதால்.

இதே சிக்கல் `return f(n - 1) + f(n - 2);` என்று எழுதி, ஃபங்ஷனின் முதல் வேலையாக n-ஐ அச்சிடச் சொல்லும் கேள்விகளிலும் வரும். இடப்பக்கத்தை முதலில் அழைத்தால் f(3)-க்கு 3 2 1 0 1, வலப்பக்கத்தை முதலில் அழைத்தால் 3 1 2 0 1. இரண்டிலும் மதிப்பு 2. ஜாவாவிலும் பைத்தானிலும் இடமிருந்து வலம் என்று மொழியே உறுதி தருகிறது. சி மொழியில் அப்படி உறுதி இல்லை. உங்கள் வினாத்தாளைத் தயாரித்தவர் `f(n - 1)`-ஐ x-இல் தனியாக வாங்கி, அச்சிட்டு, அதன் பிறகே அடுத்ததை அழைத்ததால் வரிசையில் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. அப்படிப் பிரிக்காத சி நிரல் தேர்வில் வந்தால், "இடப்பக்க அழைப்பு முதலில் நடப்பதாகக் கொள்கிறேன்" என்று டிரேஸுக்கு மேலே ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.